மணிக்கட்டா, தெர்மோமீட்டரா? குழந்தையின் பாலும் குளியல் தண்ணீரும் எவ்வளவு சூடா இருக்கணும்?

"கையில ரெண்டு சொட்டு விட்டுப் பாரு, சூடு தெரியும்." வீட்டில் முதல் குழந்தை வந்ததும் அம்மாவோ மாமியாரோ சொல்லித் தரும் முதல் பாடங்களில் இதுவும் ஒன்று. அதே வாரத்தில் நண்பர்கள் வாங்கித் தரும் அன்பளிப்புப் பையில் வாத்து வடிவத்தில் ஒரு குளியல் தெர்மோமீட்டர் இருக்கும். எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். ஆனால் இரண்டும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. "இது குழந்தைக்கு ரொம்பச் சூடா?" என்ற கேள்விக்கு உங்கள் மணிக்கட்டு நன்றாகவே பதில் சொல்லும். "பால்மாவில் இருக்கக்கூடிய கிருமியைக் கொல்லும் அளவுக்குத் தண்ணீர் சூடா இருந்ததா?" என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியாது. அந்த இரண்டாவது கேள்வி இருக்கிறது என்பதே பல வீடுகளில் தெரியாது. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

தண்ணீரைக் கொதிக்க வச்சாச்சே, பிறகென்ன?

சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீர் சுத்தமானது. அதையும் கொதிக்க வைத்து, ஆறவைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போது பால்மாவைக் கலக்குகிறோம். எல்லாம் சரியாகச் செய்ததாகவே தோன்றும். ஆனால் பிரச்சினை தண்ணீரில் இல்லை, மாவில் இருக்கிறது.

டின்னில் வரும் பால்மாவு கிருமி நீக்கம் செய்யப்பட்ட பொருள் அல்ல. ஆலையில் மிகச் சுத்தமாகத் தயாரித்தாலும், உலர்ந்த மாவுக்குள் சில கிருமிகள் பல மாதம் உயிரோடு தங்கியிருக்க முடியும். அவற்றில் மருத்துவர்கள் அதிகம் கவலைப்படுவது குரோனோபேக்டர் என்ற கிருமியைப் பற்றி. அது தொற்றுவது அரிது. ஆனால் பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையைத் தொற்றினால் இரத்தத்திலும் மூளையைச் சுற்றிய சவ்விலும் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். 2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஓர் ஆலையில் தயாரான பால்மாவு பெருமளவில் மீட்டுக்கொள்ளப்பட்டது நினைவிருக்கலாம். அதன்பின் அமெரிக்கக் கடைகளில் பால்மாவு கிடைக்காமல் பெற்றோர் அலைந்தார்கள். அந்த மீட்புக்குப் பின்னால் இருந்ததும் இந்தக் கிருமி பற்றிய கவலைதான்.

டின்னைத் திறந்த பிறகு, ஈரமான கரண்டி மூலமாகவோ கழுவாத கை மூலமாகவோ வீட்டிலேயே கிருமி உள்ளே போகவும் வாய்ப்புண்டு.

இந்தக் கிருமிக்கு மிகவும் பிடித்த வெப்பநிலை எது தெரியுமா? ஏறக்குறைய 37 முதல் 43 டிகிரி செல்சியஸ். அதாவது, குழந்தை குடிப்பதற்கு இதமாக இருக்கும் அதே வெதுவெதுப்பு. 45 டிகிரித் தண்ணீரில் மாவைக் கலக்கினால் கிருமி சாகாது. அந்தப் பாலை மேசையில் வைத்துவிட்டுப் போனால், அது பெருகுவதற்கு நாமே வசதி செய்து கொடுத்த மாதிரி.

70 டிகிரியில் கதை வேறு. அந்தச் சூட்டில் அது சில வினாடிகளில் அழிந்துவிடும். அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட வழிகாட்டிக் குறிப்புகளில், பால்மாவைக் கலக்கும் தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்று சொன்னது. பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவையும் அதையே சொல்கிறது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு நிலையம் குறிப்பாக மூன்று வகைக் குழந்தைகளுக்கு இந்தச் சுடுநீர் முறையைப் பரிந்துரைக்கிறது: 2 மாதத்துக்குக் குறைவான குழந்தைகள், குறைமாதத்தில் பிறந்தவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள்.

ஆக, ஒரே போத்தலுக்கு இரண்டு வெப்பநிலைகள். கலக்கும்போது 70க்கு மேல். குடிக்கும்போது உடல் சூட்டை ஒட்டி, ஏறக்குறைய 37. முதலாவதைக் கையால் சோதிக்கவே கூடாது, கை வெந்துபோகும். இரண்டாவதுக்குத்தான் மணிக்கட்டு.

தாய்ப்பாலை எடுத்து வைத்துக் கொடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்த 70 டிகிரிக் கணக்கு உங்களுக்கு இல்லை. அது உலர்ந்த பால்மாவுக்கு மட்டும். திரவமாகவே போத்தலில் விற்கப்படும் ஃபார்முலா பாலுக்கும் பொருந்தாது. அது கிருமி நீக்கம் செய்யப்பட்டே வருகிறது. மிகச் சிறிய குழந்தைகளுக்கு மருத்துவமனைகள் அதை விரும்புவதற்குக் காரணம் இதுதான்.

டின்னில் 40 டிகிரின்னு போட்டிருக்கே?

நியாயமான கேள்வி. சில டின்களில் "வெதுவெதுப்பான நீர்" என்றும், சிலவற்றில் 40 அல்லது 50 டிகிரி என்றும் இருக்கும். மாவில் நல்ல நுண்ணுயிர்கள், அதாவது புரோபயாட்டிக் சேர்த்திருந்தால் 70 டிகிரி அவற்றையும் சேர்த்துக் கொன்றுவிடும். அதுவும் ஒரு காரணம். மிகச் சூடான நீர் சில வைட்டமின்களைச் சற்றுக் குறைக்கும் என்பதும் உண்மை.

என்னைக் கேட்டால், பிறந்து இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் கிருமி அழிவதுதான் முக்கியம். புரோபயாட்டிக் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் டின்னில் உள்ள குறிப்பு 70க்கு நேர் எதிராக இருந்தால் நீங்களாக முடிவெடுக்காமல், அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது டின்னையே கையோடு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்க. மாவுக்கும் தண்ணீருக்கும் உள்ள அளவு மட்டும் எப்போதும் டின்னில் உள்ளபடிதான். அதில் மாற்றமே கூடாது.

அதிகாலை 3 மணி, 120 மில்லி

இதை ஒரு போத்தலை வைத்தே பார்ப்போம். இரவு 3 மணி. குழந்தைக்கு 120 மில்லி பால் வேண்டும்.

வழி ஒன்று, கெட்டில். புதிதாகக் குழாயில் பிடித்த 1 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, மூடியைத் திறக்காமல் வைங்க. 30 நிமிடத்துக்குள் பயன்படுத்தினால் அது 70 டிகிரிக்கு மேல் இருக்கும் என்ற கணக்கில்தான் பிரிட்டிஷ் வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. இங்கே கவனிக்கவேண்டியது அந்த 1 லிட்டர். "எனக்கு வேணும்கறதே 120 மில்லிதானே" என்று 200 மில்லி மட்டும் கொதிக்க வைத்தால் அது மிக வேகமாக ஆறிவிடும், அரை மணி நேரக் கணக்கு அதற்குச் செல்லாது. தெர்மோமீட்டர் இல்லாத வீட்டில், 1 லிட்டரும் கடிகாரமும் சேர்ந்ததுதான் உங்கள் தெர்மோமீட்டர்.

வழி இரண்டு, ஃபிளாஸ்க். இரவு படுக்கும்முன் கொதிநீரை நிரப்பி இறுக மூடி வைக்கிறீர்கள். நல்ல ஃபிளாஸ்க், விளிம்புவரை நிரம்பியிருந்தால், சில மணி நேரம் 70க்கு மேல் தாங்கும். பாதி நிரப்பியதோ பழையதோ தாங்காது. ஃபிளாஸ்க்குக்கு ஃபிளாஸ்க் மாறும் என்பதால், ஒரு பகல் பொழுதில் சோதனை செய்து பாருங்க. நிரப்பி, நாலு மணி நேரம் கழித்துத் தெர்மோமீட்டரை வைத்தால் உங்கள் ஃபிளாஸ்க் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

வழி மூன்று, பல வீடுகளில் சமையலறை மேடையில் நிற்கும் எலெக்ட்ரிக் தெர்மோபாட். அதன் திரையில் 70 என்று வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. ஆனால் 70 டிகிரித் தண்ணீர், 30 டிகிரியில் இருக்கும் போத்தலுக்குள் விழுந்ததும் போத்தல் அதன் சூட்டைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். கனமான கண்ணாடிப் போத்தல் என்றால் இன்னும் அதிகம். சில டிகிரி அங்கேயே போய்விடும். அதனால் 80 என்ற அமைப்பு இருந்தால் அதையே தேர்ந்தெடுங்க. பால்மாவு இயந்திரங்களில் பிரபலமான 45 டிகிரி அமைப்பு பாலைச் சட்டெனக் குடிக்கத் தயாராக்கும், மாவில் உள்ள கிருமியை ஒன்றும் செய்யாது.

சூட்டை அளப்பது எப்படி? கிருமி நீக்கம் செய்த பால் போத்தலுக்குள் தெர்மோமீட்டரை விடவேண்டாம். ஒரு கோப்பையில் கொஞ்சம் சுடுநீரை ஊற்றிக் கொட்டிவிட்டு, கோப்பை சூடானதும் மறுபடி ஊற்றி அதில் அளங்க. கோப்பை கொஞ்சம் சூட்டை எடுத்துக்கொள்ளும் என்பதால் உண்மையைவிட ஓரிரு டிகிரி குறைவாகத்தான் காட்டும். அது நல்லதுதான். கோப்பையில் 72 காட்டினால் ஃபிளாஸ்க்கில் அதற்கு மேல்தான் இருக்கும்.

இனி, முதலில் போத்தலில் 120 மில்லி தண்ணீர், பிறகுதான் மாவு. மூடி, கலக்கி, மாவு கரையும்வரை சுழற்றுங்க. இதையெல்லாம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு செய்யாதீங்க. 70 டிகிரித் தண்ணீர் தெறித்தால் நொடியில் வெந்துவிடும். முதலில் குழந்தையைத் தொட்டிலில் விட்டு வாங்க. கொஞ்சம் அழட்டும், பரவாயில்லை.

பாதி கொதிநீர், பாதி ஆறிய நீர் கலந்தால் சீக்கிரம் முடியுமே என்று நினைக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்க. ஃபிளாஸ்க்கில் 90 டிகிரியில் உள்ள 60 மில்லியும் 30 டிகிரியில் உள்ள 60 மில்லியும் சேர்ந்தால் 60 டிகிரி. மாவு போடும் முன்பே 70க்குக் கீழே இறங்கிவிட்டது.

ஆறவைப்பதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல். வெளிநாட்டுக் கையேடுகள் "குழாய்த் தண்ணீருக்கு அடியில் போத்தலைப் பிடியுங்கள்" என்கின்றன. லண்டனில் குழாய்த் தண்ணீர் ஜில்லென்று வரும். இங்கே அதுவே 28, 29 டிகிரி. ஆறும், ஆனால் மெதுவாக. அதற்குள் குழந்தை வீட்டையே எழுப்பிவிடும். ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் நாலைந்து ஐஸ் கட்டிகளும் போட்டு, போத்தலை அதில் நிறுத்திச் சுழற்றுங்க. தண்ணீர் மட்டம் மூடிக்குக் கீழேயே இருக்கணும். இல்லாவிட்டால் கிண்ணத்துத் தண்ணீர் பாலில் கலந்துவிடும்.

மணிக்கட்டு என்ன சொல்கிறது?

இப்போது மணிக்கட்டின் முறை. போத்தலை நன்றாகச் சுழற்றிவிட்டு, மணிக்கட்டின் உட்புறத்தில் சில சொட்டு விடுங்க.

மணிக்கட்டின் தோல் ஏறக்குறைய 33 டிகிரியில் இருக்கும். உடலுக்குள் 37 என்றாலும் தோலின் மேற்பரப்பு அதைவிடக் குளிர்ச்சி. பால் 37 டிகிரியில் இருந்தால் சொட்டு லேசான வெதுவெதுப்பாகத் தெரியும், அல்லது ஒன்றுமே தெரியாது. இரண்டும் சரி. தோலுக்குச் "சுடுது" என்ற வலி உணர்வு வருவது ஏறக்குறைய 43 முதல் 45 டிகிரிக்கு மேல். எனவே "ஆ!" என்று கையை இழுத்தால், அந்தப் பாலைக் கொடுக்கக்கூடாது. இந்த எச்சரிக்கை மணி பெரும்பாலும் ஏமாற்றாது.

ஆனால் அதற்கு எல்லை உண்டு. நம் தோல் வெப்பநிலையை அளப்பதில்லை, மாற்றத்தைத்தான் உணர்கிறது. மூன்று கிண்ணங்களில் குளிர்ந்த, வெதுவெதுப்பான, சூடான தண்ணீரை வைத்து இதை நீங்களே பார்க்கலாம். ஒரு கையைக் குளிர்ந்த நீரிலும் மறு கையைச் சூடான நீரிலும் ஒரு நிமிடம் வைத்திருந்து, பிறகு இரண்டையும் நடுக் கிண்ணத்தில் விடுங்க. ஒரு கைக்கு அது சூடு, மறு கைக்கு அதே தண்ணீர் குளிர்ச்சி. இப்போது அந்த 3 மணிக் காட்சியை நினைத்துப் பாருங்க. ஏர்கான் அறையில் தூங்கி எழுந்த கை, ஐஸ் கிண்ணத்தில் போத்தலைப் பிடித்திருந்த கை. அது சாதாரண வெதுவெதுப்பையே சூடு என்று சொல்லும். பாத்திரம் கழுவிச் சுடுநீரில் இருந்த கை என்றால் நேர் எதிர். அது சற்று அதிகச் சூட்டையும் பரவாயில்லை என்று சொல்லிவிடும். அதனால் இரண்டாவது கையின் மணிக்கட்டிலும் ஒரு சொட்டு விடுங்க. அதற்கு ஆகும் நேரம் ஒரு வினாடி.

இன்னொன்று, போத்தலின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்ப்பது சோதனையே அல்ல. ஐஸ் தண்ணீரில் இருந்து எடுத்த பிளாஸ்டிக் போத்தல் வெளியே குளிர்ந்திருக்கும்போதே நடுவில் பால் சூடாக இருக்கலாம். மைக்ரோவேவில் சூடுபடுத்தக்கூடாது என்று சொல்வதும் இதனால்தான். ஓரிடத்தில் வெதுவெதுப்பு, இன்னோர் இடத்தில் கொதிப்பு என்று சீரில்லாமல் சூடாகும். நீங்கள் மணிக்கட்டில் விட்ட சொட்டு வெதுவெதுப்பான இடத்திலிருந்து வந்திருக்கலாம், குழந்தை உறிஞ்சுவது அடுத்த இடத்திலிருந்து.

குடிக்கும் பாலுக்குத் தெர்மோமீட்டர் தேவையா? என் கருத்தில் தேவையில்லை. 35 ஆக இருந்தாலும் 38 ஆக இருந்தாலும் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. உண்மையில் பாலைச் சூடாகத்தான் கொடுக்கவேண்டும் என்பதே இல்லை. அறை வெப்பநிலையில் குடிக்கும் குழந்தைகள் ஏராளம். சூடு என்பது குழந்தையின் விருப்பம், பாதுகாப்பு விதி அல்ல. தெர்மோமீட்டரைக் கலக்கும் தண்ணீருக்காக வைத்துக்கொள்ளுங்க.

கலந்த பாலை அறையில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லை. குழந்தை வாய் வைத்துவிட்டால் மீதியை ஒரு மணி நேரத்தில் கொட்டிவிடச் சொல்கிறது அமெரிக்க நிலையம். நம் வீடுகளின் 30 டிகிரிச் சூட்டில் அந்த ஒரு மணி நேரமே நல்ல பழக்கம். "பாதிப் பால் வீணாகுதே" என்று பாட்டி வருத்தப்படுவார். பால்மாவு விலைக்கு அந்த வருத்தம் நியாயம்தான். முதலில் குறைவாகக் கலந்து, கேட்டால் மறுபடி கலந்து கொடுக்கலாம்.

குளியல் தொட்டியில் நிலைமை வேறு

பாலில் மணிக்கட்டுக்கு வேலை இருந்தது. குளியலில் தெர்மோமீட்டர் முதலில் வரவேண்டும். காரணம், போத்தலில் தவறினால் குழந்தை ஒரு வாய் குடித்துத் துப்பிவிடும். தொட்டியில் உடல் முழுக்க தண்ணீருக்குள் இருக்கிறது, குழந்தையால் எழுந்து வெளியே வர முடியாது.

குளியல் தண்ணீர் 37, 38 டிகிரியில் இருக்கவேண்டும். உடல் சூடு, அவ்வளவுதான். பெரியவர்களுக்கு அது "என்ன, ஆறிப்போச்சு" என்று தோன்றும் அளவு. நாம் அலுப்புத் தீர ரசித்துக் குளிக்கும் சூடு பலருக்கு 40ஐத் தாண்டும். அதனால்தான் "எனக்கு நல்லா இருக்கு, பாப்பாவுக்கும் நல்லா இருக்கும்" என்ற கணக்கு தப்பாகிறது.

வீவக வீட்டுக் குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. குழாயில் 28 டிகிரித் தண்ணீர் 10 லிட்டர் பிடிக்கிறீர்கள். அதில் கெட்டிலில் அப்போதுதான் கொதித்த 1.5 லிட்டரை ஊற்றிக் கலக்கினால் ஏறக்குறைய 37 டிகிரி வரும். அதாவது, பத்து லிட்டருக்கு ஒரு கெட்டில். சரியாக வந்துவிட்டது. "இன்னும் கொஞ்சம் சூடா இருந்தா நல்லது" என்று இரண்டாவது கெட்டிலையும் ஊற்றினால் தண்ணீர் 44ஐத் தொடும். கண்ணுக்கு இரண்டு தொட்டியும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒன்று இதமான குளியல், மற்றொன்றில் குழந்தை சிவந்துபோய் வீறிட்டு அழும்.

ஊற்றும் வரிசை முக்கியம். எப்போதும் குளிர்ந்த தண்ணீர் முதலில், சுடுநீர் பிறகு. சுடுநீரை முதலில் ஊற்றிவிட்டுக் குழாயைத் திறக்கப் போகும் அந்த அரை நிமிடத்தில், தவழும் அண்ணனோ அக்காவோ தொட்டிக்குள் கையை விடக்கூடும். வாட்டர் ஹீட்டர் குழாயில் பிடிக்கிறீர்கள் என்றால் கடைசியாகக் குளிர்ந்த நீரைக் கொஞ்சம் ஓடவிட்டு மூடுங்க. குழாயின் வாய் சூடாக இருக்காது, சூடாகச் சொட்டவும் செய்யாது.

பிறகு கலக்குங்க. சும்மா ஒரு சுற்று அல்ல, அடிவரை கைவிட்டுப் பல சுற்று. சுடுநீர் எடை குறைவு, மேலே நிற்கும். கலக்காத தொட்டியில் தெர்மோமீட்டர் மிதக்கும் இடத்தில் ஒரு எண், குழந்தையின் கால் இருக்கும் இடத்தில் வேறு எண். கலக்கிய பிறகு தெர்மோமீட்டரை வைத்து, எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருங்க. வாத்துப் பொம்மைகள் மெதுவாகத்தான் காட்டும். போட்டவுடன் தெரியும் எண்ணை நம்பாதீங்க.

அதற்குப் பிறகும் முழங்கையையோ மணிக்கட்டையோ தண்ணீரில் விட்டுப் பார்க்கவேண்டும். எண் 37 என்று காட்டும்போது முழங்கைக்குச் "சுடுது" என்றால், முழங்கை சொல்வதைக் கேளுங்க. பேட்டரி தீர்ந்திருக்கலாம், பொம்மைக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம். உள்ளங்கையால் மட்டும் பார்க்காதீங்க. அங்கே தோல் தடிப்பு. ஆயிரம் சப்பாத்திகளைத் தவாவில் திருப்பிய பாட்டியின் விரல்கள் சூட்டைப் பொருட்படுத்தாது. பாட்டியின் அனுபவத்தைக் குறை சொல்லவில்லை. அவர் கையை விடாமல் முழங்கையை விட்டால் போதும்.

குழந்தை தொட்டியில் இருக்கும்போது சுடுநீர் சேர்க்கவே கூடாது. தண்ணீர் ஆறிவிட்டதா? குழந்தையைத் துண்டில் சுற்றி எடுத்துவிடுங்க. குளியல் ஐந்து, பத்து நிமிடத்தில் முடிந்தால் இந்தப் பிரச்சினையே வராது.

எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரத்தில் வேகும்?

இதைப் பற்றிய அடிப்படை ஆய்வு பழையது. 1947இல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டது. பெரியவர்களின் தோல் 49 டிகிரித் தண்ணீரில் கடுமையாக வேக ஏறக்குறைய 10 நிமிடம் ஆகும். 60 டிகிரியில் 5 வினாடி போதும். வெறும் 11 டிகிரி வித்தியாசம், ஆனால் நிமிடங்கள் வினாடிகளாகிவிட்டன. குழந்தையின் தோல் நம் தோலைவிட மெல்லியது, அதற்கு இன்னும் குறைவான நேரமே ஆகும்.

தொட்டி வகை ஹீட்டர்கள் தண்ணீரை 60 டிகிரியிலோ அதற்கு மேலோ சேமித்து வைப்பது வழக்கம். அதனால் குழாயைத் திறந்ததும் வருவது என்ன சூட்டில் இருக்கிறது என்று ஒருமுறை அளந்து பாருங்க. சமையலறைத் தெர்மோமீட்டரும் ஒரு கோப்பையும் போதும்.

சுட்டுவிட்டால் உடனே ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்க. ஐஸ் வேண்டாம். நனைந்த உடையையும் டயப்பரையும் கழற்றிவிடுங்க. தோலோடு ஒட்டியிருந்தால் இழுக்காதீங்க. பற்பசை, நெய், சோயா சாஸ் எதுவும் பூசவேண்டாம். அவை ஆறவிடாது, மருத்துவர் புண்ணைப் பார்க்கவும் தடையாகும். ஆறவைத்த பிறகு, சமையலறையில் உணவை மூடும் பிளாஸ்டிக் தாளைப் புண்ணின் மேல் தளர்வாக விரித்து மூடி மருத்துவமனைக்குப் போங்க. உடலின் மற்ற பகுதியைத் துண்டால் போர்த்தி வைங்க, சிறு குழந்தைக்கு உடல் சீக்கிரம் குளிர்ந்துவிடும். சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு 995, மலேசியாவில் 999.

எந்தத் தெர்மோமீட்டர்?

வீட்டில் ஏற்கெனவே உள்ள காய்ச்சல் தெர்மோமீட்டர் இதற்கு உதவாது. அது 32 முதல் 42 அல்லது 43 டிகிரிவரைதான் காட்டும். அதற்கு மேல் போனால் திரையில் "Hi" என்று வரும், 50ஆ 90ஆ என்று தெரியாது. நெற்றியில் காட்டும் அகச்சிவப்புத் தெர்மோமீட்டரும் வேண்டாம். அது மேற்பரப்பை மட்டும் பார்க்கிறது. சுடுநீரின் மேற்பரப்பு ஆவியாகி ஆறிக்கொண்டே இருக்கும், நடுவில் வேறு சூடு. போதாததற்கு, நெற்றியின் எண்ணை உடல் வெப்பநிலையாக மாற்றிக் காட்டும்படி அதற்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். தண்ணீருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

இறைச்சி வெந்ததா என்று பார்க்கும் டிஜிட்டல் சமையலறைத் தெர்மோமீட்டர்தான் பால்மாவுத் தண்ணீருக்கு ஏற்றது. 100 டிகிரிக்கு மேலும் காட்டும், சில வினாடியில் எண் நிற்கும். ஆனால் கோழியைக் குத்திய அதே கம்பியைக் குழந்தையின் தண்ணீரில் விடாதீங்க, இதற்கென்று தனியாக ஒன்று வைங்க. குளியலுக்கும் அதையே பயன்படுத்தலாம், குழந்தை தண்ணீருக்குள் இறங்கும் முன் எடுத்துவிடணும். வாத்து வேண்டும் என்றால் வாத்தும் இருக்கட்டும், ஆனால் வாத்தால் 70 டிகிரியை அளக்க முயலவேண்டாம். பெரும்பாலான வாத்துகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

வாங்கியதும் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க ஒரு கோப்பை நிறைய நொறுக்கிய ஐஸை எடுத்து, இடுக்குகள் நிறையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, கம்பியை நடுவில் விடுங்க. 0 காட்டவேண்டும். ஒரு டிகிரி முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. மூன்று டிகிரி தப்பினால் கடையில் மாற்றிக்கொள்ளுங்க. கொதிக்கும் நீரிலும் பார்க்கலாம், சிங்கப்பூரில் 100ஐ ஒட்டி வரும். கேமரன் மலையில் விடுமுறைக்குத் தங்கியிருக்கும்போது இதே சோதனையைச் செய்தால் 95 காட்டும். தெர்மோமீட்டர் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீங்க. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் அங்கேதான் கொதிக்கிறது. அதனால் அங்கே ஃபிளாஸ்க்கில் நிரப்பும் தண்ணீர் தொடக்கத்திலேயே 5 டிகிரி குறைவு, மலைக் காற்றும் குளிர். இரவுப் பாலுக்கு முன் அதை மறுபடி ஒருமுறை அளந்துகொள்ளுங்க.